திரும்பி வந்த நூற்றெண்பத்தேழு பவுண்டு

சேரன்மகாதேவியில் என் அண்ணன் வீட்டுத் திண்ணையில் 2025 நவம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. பிசான நடுவையின் அலுப்பு அண்ணன் முகத்தில் தெரிந்தது. மதினியின் கையில் கைப்பேசி. அதில் இங்கிலாந்திலிருந்து மகள் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. அவளுடைய வங்கிக் கணக்குத் தாளின் படம் அது. அவள் அந்த நாட்டில் பெற்ற முதல் கணக்குத் தாள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது.

செய்தி என்னவோ மகிழ்ச்சியானதுதான். “சித்தப்பா, அங்கே வீட்டு வரி போலக் கவுன்சில் வரி என்று ஒன்று உண்டு. அதற்காக 187 பவுண்டு எடுத்தார்கள். அன்றைக்கே திருப்பிக் கொடுத்தும் விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சலுகை போலிருக்கிறது” என்று அவள் எழுதியிருந்தாள். மதினி அதைக் கேட்டுப் பூரித்துப் போயிருந்தார். அவர் காதில் பவுண்டு என்பது பவுன் என்றே விழும். நூற்றெண்பத்தேழு பவுன் திரும்பி வந்ததென்றால் எந்தத் தாய்தான் மகிழமாட்டாள்!

எனக்கோ அந்த வரி சற்றே நெருடியது. எந்த நாட்டிலும் வரி வாங்குகிறவர்கள் வாங்கிய அன்றே திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் பகுதியிலிருந்து செவிலியராகப் பயின்ற பிள்ளைகள் பலர் பிரிட்டனுக்குச் சென்றிருக்கிறார்கள். சிலர் தனி முகவர்கள் வழியாகவும், சிலர் 1978-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வழியாகவும் போனவர்கள். புறப்படுமுன் அவர்கள் ஆங்கிலத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் இரவு பகலாகப் படிக்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்குத் தாளை எப்படிப் படிப்பது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆகவே அன்று மாலை நாங்கள் அந்தத் தாளை வரி வரியாகப் படித்ததை இங்கே எழுதுகிறேன். தொகைகளை எழுத அந்தப் பெண் அனுமதித்திருக்கிறாள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில் தாளின் அமைப்பு. நம்முடைய பாஸ்புக்கைப் போலத்தான் அதுவும். தேதி, விவரம், வெளியே சென்ற பணம், உள்ளே வந்த பணம், இருப்பு என ஐந்து பத்திகள். தலைப்பில் எட்டு இலக்கக் கணக்கு எண் இருக்கும். அதனருகே இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய ஆறு இலக்கங்களுக்கு ‘சார்ட் கோடு’ என்று பெயர். நம் ஊரில் வங்கிக் கிளையைக் காட்டும் குறியீடு செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. படம் எடுத்து அனுப்பும்போது அந்த எண்களை விரலால் மறைத்துவிடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவளும் அவ்வாறே செய்திருந்தாள்.

விவரப் பத்தியின் ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகள் இருக்கும். புதிதாகச் செல்கிறவர்கள் அந்த எழுத்துகளைக் கண்டுகொள்வதே இல்லை. தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் தாளின் உயிர் அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. பணம் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது என்பதை அவையே காட்டுகின்றன. வங்கிக்கு வங்கி அவை சற்று மாறும். எனினும் DD, SO என்னும் இரண்டை ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் காணலாம்.

SO என்றால் ஸ்டாண்டிங் ஆர்டர். “மாதந்தோறும் 1-ஆம் தேதி இன்னாருக்கு இவ்வளவு தொகை அனுப்புக” என்று கணக்குக்கு உரியவர் தம் வங்கிக்கு இடும் நிலையான கட்டளை அது. தொகையையும் தேதியையும் அவரே நிச்சயிக்கிறார். அவர் மாற்றும்வரை அவை மாறுவதில்லை. பெறுகிறவருக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது. வீட்டு வாடகை பெரும்பாலும் இவ்வாறே செலுத்தப்படுகிறது.

DD என்றால் டைரக்ட் டெபிட். நம் நாட்டில் DD என்றதும் டிமாண்ட் டிராஃப்ட்டே நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். டைரக்ட் டெபிட்டில் பணத்தைப் பெறுகிறவர்தாம் நம் வங்கியிடம் வந்து கேட்கிறார். “இவர் கேட்டால் என் கணக்கிலிருந்து கொடுக்கலாம்” என்று நாம் ஒரே ஒரு முறை ஒப்புதல் கொடுத்திருப்போம். அதன்பின் எவ்வளவு, எந்த நாளில் என்பதை அவரே முடிவு செய்து நமக்கு முன்கூட்டித் தெரிவிப்பார். வேறு உடன்பாடு இல்லையென்றால் 10 வேலை நாள்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மாதந்தோறும் தொகை மாறுகிற மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம், வரி ஆகியவற்றுக்கு இம்முறையே பொருத்தமானது. நம் நாட்டில் கடன் தவணைக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ‘நாச்’ ஒப்புதல் இதன் உடன்பிறப்பு எனலாம்.

அண்ணனுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. “உம்முடைய வயலுக்கு இரண்டு மடை இருப்பதாக வைத்துக்கொள்ளும். ஒரு மடையின் பலகை உம் கையில் இருக்கிறது. திறப்பதும் அடைப்பதும் நீர்தாம். இன்னொரு மடையின் பலகையை அடுத்த வயல்காரரிடம் கொடுத்து, ‘தேவைப்படும்போது எனக்குச் சொல்லிவிட்டுத் திறந்துகொள்ளும்’ என்று சொல்லியிருக்கிறீர். முதலாவது ஸ்டாண்டிங் ஆர்டர். இரண்டாவது டைரக்ட் டெபிட்” என்றேன்.

அண்ணன் உடனே கேட்டார்: “அவர் திறக்க வருகிற நாளில் என் வயலில் தண்ணீரே இல்லாவிட்டால்?”

அந்தக் கேள்வியில்தான் எங்கள் கதையே இருந்தது. இப்போது தாளுக்கு வருவோம்.

அக்டோபர் 27-ஆம் தேதி இருப்பு 312.40 பவுண்டு. மறுநாள், செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைச் சம்பளம் 1,840 பவுண்டு வரவு. அதன் ஓரத்தில் BGC என்று இருந்தது. வங்கிகளுக்கிடையே நடக்கும் மொத்தப் பட்டுவாடாவின் வழியாக வந்த வரவு என்பதற்கு அது அடையாளம். இருப்பு 2,152.40 ஆயிற்று. இருபத்து நான்கு வயதுப் பெண் தன் பெயரில் இவ்வளவு பணத்தை அதற்குமுன் கண்டதில்லை. மறுநாளே அதிலிருந்து 1,300 பவுண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இங்கே ரூபாயில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். அவளுடைய படிப்புக்காகவும் ஆங்கிலத் தேர்வுக்காகவும் மதினியின் நகைகள் அடகில் இருந்தன. அவற்றை மீட்க வேண்டும் என்பதே அவள் நினைவெல்லாம். அதை யார் குறை சொல்ல முடியும்?

மீதி 852.40. அடுத்த வரி SO, வீட்டு வாடகையில் அவள் பங்கு 550 பவுண்டு. நவம்பர் 1-ஆம் தேதி என்று அவள் கட்டளையிட்டிருந்தாள். ஆனால் தாளில் 3-ஆம் தேதி என்று இருந்தது. 1-ஆம் தேதி சனிக்கிழமை. விடுமுறையில் வரும் கட்டளை அடுத்த வேலை நாளான திங்கட்கிழமையில் நிறைவேறும். இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருப்புப் பத்தியில் 852 என்றே தெரியும். ‘வாடகை போய்விட்டது, மீதி இவ்வளவு’ என்று எண்ணிக் கடைக்குச் செல்கிறவர்கள் உண்டு. இவள் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வாடகைக்குப் பின் 302.40. அதன்பின் பேருந்துக்கும் மளிகைக்குமாகப் பல சிறு வரிகள், மொத்தம் 118.65. அவற்றில் நான் நிற்கவில்லை. நவம்பர் 6-இல் 50 பவுண்டு ஒரு செலவு. அதன் கீழேயே 1.50 என்று தனியாக ஒரு வரி. அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. தாயின் பிறந்த நாளுக்காக நம் நாட்டுக் கடை ஒன்றில் இணையத்தின் வழியாக, அந்த நாட்டு அட்டையைக் கொண்டு, புடவை வாங்கியிருந்தாள். விலை ரூபாயில். பிரிட்டன் வங்கிகள் பல, பவுண்டு அல்லாத நாணயத்தில் அட்டையைப் பயன்படுத்தினால் தொகையின் மீது நூற்றுக்கு மூன்றை ஒட்டிக் கட்டணம் பிடிக்கும். இவள் வங்கியில் 2.99 விழுக்காடு. ஐம்பதுக்கு ஒன்றரைப் பவுண்டு. ஒரு புடவைக்கு இது பெரிதன்று. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்து அதே அட்டையை ஒரு மாதம் நீட்டிக்கொண்டிருந்தால் கணிசமாகச் சேர்ந்துவிடும். அக்கட்டணம் பிடிக்காத வங்கிகளும் அங்கே இருக்கின்றன.

நவம்பர் 10. DD, கைப்பேசி நிறுவனம், 19.60. “மாதம் 12 பவுண்டு என்றுதானே கையெழுத்திட்டேன்? ஏமாற்றிவிட்டார்களோ?” என்று கேட்டிருந்தாள். ஏமாற்றமில்லை. மாதத்தின் நடுவில் சேர்ந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து கணக்கு நாள் வரையிலான பகுதியும், அதன்மேல் வருகிற மாதத்துக்கான முன்பணமும் முதல் பட்டியலில் சேர்ந்துவரும். அடுத்த மாதம் 12-க்கு இறங்கிவிடும். முதல் டைரக்ட் டெபிட்டைக் கொண்டு அடுத்தவற்றைக் கணிக்கக்கூடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

12-ஆம் தேதி 9.99 பவுண்டு. ஓரத்தில் DD-யும் இல்லை, SO-வும் இல்லை. அட்டைச் செலவு என்றே குறித்திருந்தது. திரைப்படங்கள் பார்க்க ஒரு மாதம் இலவசம் என்று அறிவித்த ஓர் இணைய நிறுவனத்துக்குத் தன் அட்டை எண்ணைக் கொடுத்திருந்தாளாம். இலவச மாதம் முடிந்தது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது மூன்றாவது வகை. அட்டை எண்ணின் பேரில் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அனுமதி. வங்கியின் செயலியில் டைரக்ட் டெபிட் பட்டியலைத் திறந்து பார்த்தால் இது அங்கே இராது. ஆகையால் பலர் இதை மறந்தே போகிறார்கள். நிறுவனத்திடம் சொல்லி நிறுத்தலாம். நிறுவனம் கேளாவிட்டால் வங்கியிடமே சொல்லி நிறுத்தலாம். வங்கி மறுக்கக்கூடாது.

இவ்வளவும் கழிந்தபின் இருப்பு 102.66. இனி வருவதுதான் அந்த மகிழ்ச்சியான செய்தி.

நவம்பர் 17. DD, கவுன்சில் வரி, வெளியே சென்றது 187.50. அதன் கீழே அதே தேதியில், உள்ளே வந்தது 187.50. விவரப் பத்தியில் UNPAID என்று ஒரு சொல். இருப்பு மறுபடியும் 102.66.

அந்த ஒற்றைச் சொல்லை அவள் கவனிக்கவில்லை. உள்ளே வந்த பணம் என்னும் பத்தியில் தொகை இருந்ததால் யாரோ கொடுத்ததாக எண்ணிவிட்டாள். உண்மையில் எவரும் எதையும் கொடுக்கவில்லை. கணக்கில் இருந்தது 102.66. கேட்டது 187.50. குறைவு 84.84 பவுண்டு. ஆகவே வங்கி எழுதிய பற்றைத் தானே அழித்து, கவுன்சிலுக்குப் பணம் இல்லை என்று திருப்பியனுப்பிவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் காசோலை திரும்பினால் பேரேட்டில் இப்படித்தான் எதிர்வரவு எழுதுவோம். கணக்கு சரியாகும். கடன் அப்படியே நிற்கும்.

நான் இதைச் சொன்னதும் திண்ணையில் சற்றுநேரம் பேச்சே இல்லை. பிறகு மதினி, “அவளை இப்போதே கூப்பிடுங்கள் தம்பி” என்றார்.

அழைத்தோம். அங்கே நண்பகல். இரவுப் பணி முடித்து உறங்கி அப்போதுதான் எழுந்திருந்தாள். “கவுன்சிலிலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா?” என்று கேட்டேன். முதல் நாள் ஒன்று வந்ததாகவும், அதுவும் பழைய பட்டியலின் நகலே என்று எண்ணி மேசைமேல் வைத்திருப்பதாகவும் சொன்னாள். பிரித்து வாசிக்கச் சொன்னேன். அது நினைவூட்டுக் கடிதம்.

இந்த இடத்தில் கவுன்சில் வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஊரில் வீட்டு வரியை வீட்டுக்காரர் கட்டுவார். அங்கே வீட்டில் குடியிருப்பவரே கட்ட வேண்டும். ஒரு வீட்டின் அறைகளைத் தனித்தனியே பலருக்கு விட்டிருந்தால் பெரும்பாலும் உரிமையாளர் கட்டுவார். இவளும் இன்னொரு செவிலியும் முழு வீட்டையும் எடுத்திருந்தார்கள். மின்கட்டணம் தோழியின் கணக்கில், கவுன்சில் வரி இவள் கணக்கில் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.

வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆண்டு முழுவதும் குடியிருப்பவர் வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாகச் செலுத்துவார். இவர்கள் குடிபுகுந்தது அக்டோபர் தொடக்கத்தில். அந்த வீட்டுக்கு ஆண்டு வரி 1,500 பவுண்டு. அரை ஆண்டுக்கு 750. அதை ஆறு மாதத்துக்குப் பிரித்து மாதம் 125 என்று அவள் மனக்கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் கவுன்சில் பட்டியல் அனுப்பியதோ அக்டோபர் இறுதியில். மீதமுள்ள முழு மாதங்களில் ஒன்றைக் குறைத்துத் தவணை வகுப்பது அங்குள்ள முறை. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கே தவணை, ஒவ்வொன்றும் 187.50. அந்தப் பட்டியலிலேயே தேதிகளும் தொகைகளும் அச்சாகியிருந்தன. டைரக்ட் டெபிட்டுக்கு வேண்டிய முன்னறிவிப்பு அதுதான். தனியாக வேறொரு கடிதம் வராது. அவளோ, பட்டியல் என்றால் நாம் போய்க் கட்டும்போது கட்டுவது என்னும் நம் ஊர் எண்ணத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

தவணை தவறினால் என்ன? இங்கிலாந்தில் 2025-இல் இருந்த விதிப்படி, கவுன்சில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். ஏழு நாளுக்குள் அந்தத் தவணையைக் கட்டிவிட்டால் ஒன்றுமில்லை. கட்டாவிட்டால், அதற்கடுத்த ஏழு நாளில் தவணை உரிமையே போய்விடும். ஆண்டின் மீதித் தொகை முழுவதும், அதாவது இவளுக்கு 750 பவுண்டும், ஒரே மூச்சில் கட்ட வேண்டும். அதன்பின் நீதிமன்ற அழைப்பாணை, செலவுத் தொகை என்று நீளும். 84 பவுண்டு போதாமையால் தொடங்கியது 750-இல் வந்து நிற்கும். மாதம் 1,840 சம்பளத்தில் 550 வாடகை கொடுக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தின் தேதி நவம்பர் 25. ஏழு நாளில் நான்கு கழிந்திருந்தது. நல்ல வேளையாக 28-ஆம் தேதி சம்பளம் வந்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கவுன்சிலின் இணையப் பக்கத்தில் அட்டையைக் கொண்டு 187.50-ஐக் கட்டினாள். “இன்னும் ஒன்று பார். உன் டைரக்ட் டெபிட் ஒப்புதல் உயிரோடு இருக்கிறதா?” என்றேன். பணம் திரும்பியபின் சில இடங்களில் அந்த ஒப்புதலையே நீக்கிவிடுவதுண்டு. நாமோ டிசம்பரில் தானாகப் போய்விடும் என்று எண்ணிக்கொண்டிருப்போம். அவள் செயலியைத் திறந்து பார்த்தாள். இருந்தது.

“திருப்பியனுப்பியதற்கு வங்கி அபராதம் போட்டதா?” என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் வங்கிகளில் இப்படித் தவணை திரும்பினால் அபராதமும் அதன்மேல் சரக்கு சேவை வரியும் பிடிப்பதை அவர் டிராக்டர் கடனில் அனுபவித்தவர். இவள் தாளில் அப்படி ஒரு வரி இல்லை. பிரிட்டனில் இது வங்கிக்கு வங்கி மாறும். ஒன்றும் வாங்காத வங்கிகள் உண்டு. வாங்கினாலும் தங்களுக்கு நேர்ந்த செலவுக்கு ஏற்ற அளவே வாங்கலாம். இருப்புக்கு மேல் எடுப்பதான மிகைப்பற்றுக்கு முன்பெல்லாம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தண்டம் போட்டார்கள். 2020 ஏப்ரலில் அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் அதைத் தடுத்துவிட்டது. இப்போது ஆண்டு வட்டியாக மட்டுமே கணக்கிடலாம். அந்த வட்டி பல வங்கிகளில் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வங்கி அந்த 84.84 பவுண்டை மிகைப்பற்றாகக் கொடுத்து, அடுத்த சம்பளம் வரை பதினோரு நாள் வட்டி போட்டிருந்தால் ஏறத்தாழ ஒரே ஒரு பவுண்டுதான் ஆகியிருக்கும். ஆனால் அந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வங்கிகள் எளிதில் மிகைப்பற்று அனுமதிப்பதில்லை. பழையவருக்குக் கிடைக்கும் தாங்கல் புதியவருக்குக் கிடையாது. ஆகவே முதல் ஆறு மாதமேனும் தன் கையிலேயே ஒரு சிறு தாங்கல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

டைரக்ட் டெபிட்டைப் பற்றி அச்சமூட்டிவிட்டதாக எண்ண வேண்டாம். அதில் ஒரு பெரிய பாதுகாப்பும் உண்டு. அதற்கு ‘டைரக்ட் டெபிட் உத்தரவாதம்’ என்று பெயர். கேட்கிறவர் தவறான தொகையையோ தவறான தேதியிலோ எடுத்துவிட்டால், நம் வங்கியிடம் சொன்னால் போதும். வங்கியே முழுத் தொகையையும் உடனே திருப்பித் தரவேண்டும். பிறகு அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒப்புதலை எந்நேரமும் ரத்துசெய்யும் உரிமையும் நமக்கு உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒப்புதலை ரத்துசெய்தால் எடுப்பது நிற்குமேயன்றி, கொடுக்க வேண்டிய கடன் நிற்காது. கோபத்தில் ரத்துசெய்துவிட்டுப் பிறகு நினைவூட்டுக் கடிதத்தோடு போராடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டாண்டிங் ஆர்டருக்கோ இத்தகைய உத்தரவாதம் இல்லை. பலகை நம் கையில் என்பதன் மறுபக்கம் அது. அவளுடைய தோழி முன்பு வேறொரு வீட்டில் இருந்தாள். வீடு மாறும்போது புதிய வாடகைக்குக் கட்டளை கொடுத்தாள். பழையதை நிறுத்த மறந்துவிட்டாள். இரண்டு மாதம் இரண்டு வாடகை போயிற்று. வங்கியைக் கேட்டால், “நீங்கள் இட்ட கட்டளையை நாங்கள் நிறைவேற்றினோம்” என்றார்கள். பழைய வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு மாதத் தொகையை உடனேயும், மற்றதை நெடுநாள் கழித்தும் பெற்றாளாம். டைரக்ட் டெபிட்டில் பிழை நேர்ந்தால் வங்கியின் கதவைத் தட்டலாம். ஸ்டாண்டிங் ஆர்டரில் பிழை நம்முடையதென்றால் பணம் பெற்றவரின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

இன்னொரு செய்தி செவிலியர் குடும்பங்களுக்கு. பிரிட்டனில் செவிலியர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் செவிலியராக வேலை செய்யலாம். அதற்கான ஆண்டுக் கட்டணம் 2025-இல் 120 பவுண்டு. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30 பவுண்டாக டைரக்ட் டெபிட்டில் கட்டவும் வழி உண்டு. ஐஸ்கிரீம் விலை போன்ற தொகைதான் என்று அலட்சியமாக இருந்து, அது செலுத்தப்படாமலே போனால் பதிவு காலாவதியாகிவிடும். மாதந்தோறும் வராத காரணத்தாலேயே மறந்துபோகும் தவணை அது. என் அண்ணன் மகள் அந்தத் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள்.

அன்றிரவு நான் அவளுக்கு ஒரு கணக்குப் போட்டு அனுப்பினேன். அக்டோபர் 28-இல் இருப்பு 2,152. அதன் பக்கத்தில், அடுத்த சம்பளம் வரும்வரை DD-யாகவும் SO-வாகவும் போக இருப்பவற்றை எழுதினேன். வாடகை 550, வரி 187.50, கைப்பேசி 19.60. மூன்றும் சேர்ந்து 757.10. உணவுக்கும் பேருந்துக்கும் அவள் அந்த மாதம் உண்மையில் செலவிட்டது 160. இவற்றைக் கழித்தால் 1,235. புடவையும் திரைப்படமும் போக 1,170 சொச்சம். அதுவே அவளுடைய பணம். அவள் அனுப்பியது 1,300. இருப்புப் பத்தி 2,152 என்று காட்டியது பொய்யன்று. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பிறருக்குச் சொல்லிவிட்ட பணம். அதைத் தாள் எங்கும் அச்சிட்டுக் காட்டாது. தாள் கடந்ததை மட்டுமே சொல்லும்.

டிசம்பரிலிருந்து அவள் செய்வது இதுதான். சம்பளம் வந்த நாளில் செயலியில் டைரக்ட் டெபிட் பட்டியலையும் ஸ்டாண்டிங் ஆர்டர் பட்டியலையும் திறக்கிறாள். தபாலில் வந்த பட்டியல்களில் அச்சாகியுள்ள தொகைகளை அவற்றின் எதிரே எழுதுகிறாள். கூட்டுகிறாள். அதன்மேல் நூறு பவுண்டு தாங்கலாக விடுகிறாள். மீதியைத்தான் தொடுகிறாள். கவுன்சிலுக்கு எழுதி, வரித் தவணையை மாதத்தின் 17-ஆம் தேதியிலிருந்து 1-ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டாள். பல கவுன்சில்களில் இரண்டு மூன்று தேதிகளில் ஒன்றை நாமே தேர்ந்துகொள்ளலாம். சம்பளம் வந்த நான்கைந்து நாளில் வாடகையும் வரியும் போய்விட்டால், பின்னர் இருப்புப் பத்தியில் தெரிவது ஏறக்குறைய மெய்யாகவே இருக்கும். டைரக்ட் டெபிட்டுகள் விடியுமுன்பே கணக்கிலிருந்து எடுக்கப்படுவது வழக்கம். ஆதலால் பணம் முதல் நாள் இரவிலேயே இருக்க வேண்டும் என்பதையும் இப்போது அறிந்துகொண்டாள். காலையில் பணம் போதாவிட்டால் பல வங்கிகள் அன்று பிற்பகல் இன்னொரு முறை பார்க்கும். அதற்கான நேரத்தைத் தன் வங்கியில் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் மாதம் ஊருக்கு வந்தது 900 பவுண்டு. நகைக் கடனில் கட்ட வேண்டிய தொகை அந்த மாதம் சற்றுக் குறைந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மதினிதான், “சங்கிலி இன்னும் இரண்டு மாதம் பெட்டகத்திலேயே இருக்கட்டும். அந்த வரித் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லுங்கள்” என்றார். புடவை நவம்பர் மூன்றாம் வாரமே வந்து சேர்ந்துவிட்டது. அதன் விலையோடு ஒன்றரைப் பவுண்டு கட்டணமும் சேர்ந்திருப்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.